ஒரு புள்ளிக்கு இரண்டு முழங்கை

மின்சுற்றுப் பலகையில் உதிரிப் பாகங்களைப் பொருத்தும் தொழிற்சாலைகளில் ‘ஸ்காரா’ என்ற வகை ரோபோ பரவலாக உண்டு. ஜப்பானின் யமனாஷி பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி மகினோ 1978இல் இதன் முதல் மாதிரியை உருவாக்கினார். 1981 முதல் விற்பனைக்கும் வந்தது. மேசைக்கு மேலே, கிடைமட்டமாக மட்டும் மடங்கி விரியும் கை இது. தோளில் ஒரு மூட்டு, முழங்கையில் ஒரு மூட்டு. மேலும் கீழும் போய்வர நுனியில் தனியாக ஒரு தண்டு இருப்பதால், பாகம் கிடக்கும் இடத்தை அடையும் வேலை முழுவதும் இந்த இரண்டு மூட்டுகளைச் சேர்ந்தது. ஆனால் மோட்டாருக்கு இடம் தெரியாது, கோணம்தான் தெரியும். ‘இந்தப் புள்ளிக்குப் போ’ என்பதை ‘தோளை இவ்வளவு, முழங்கையை இவ்வளவு திருப்பு’ என்று மாற்றித் தர வேண்டும்.

மேற்கை 300 மி.மீ., முன்கை 200 மி.மீ. நீளம் என்று கொள்ளலாம். தோள்தான் ஆதிப்புள்ளி. தோளின் கோணம் θ1, x அச்சிலிருந்து இடஞ்சுழியாக அளக்கப்படுகிறது. முழங்கைக் கோணம் θ2 மேற்கையின் நீட்சியிலிருந்து அளக்கப்படுகிறது: கை நேராக நீண்டிருந்தால் அது சுழியம். முழங்கைக்கு உள்ளே தெரியும் கோணம் வேறு. அது 180° − θ2. புதிதாகக் கணக்குப் போடுபவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

இலக்கு (300, 200) என்றால் விடையைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். மேற்கையை x அச்சின் மேல் அப்படியே கிடத்தினால் முழங்கை (300, 0)இல் நிற்கும். அங்கிருந்து முன்கையைச் செங்குத்தாகத் திருப்பினால் நுனி சரியாக இலக்கில் இருக்கும். ஆக θ1 = 0°, θ2 = 90°.

கணக்கு இதோடு முடியவில்லை. தோளிலிருந்து இலக்குக்கு ஒரு கோடு இழுத்து, அதைக் கண்ணாடியாகக் கொண்டு கையைப் பிரதிபலித்துப் பார்த்தால், நீளங்கள் மாறாமல் முழங்கை மட்டும் கோட்டின் மறுபக்கம் போய்விடும். கோட்டின் சாய்வு 33.69°. ஆகவே மேற்கை அதன் இருமடங்கான 67.38°க்குப் போகிறது; முன்கை −90°, அதாவது வலஞ்சுழியாக மடங்குகிறது. இப்போது முழங்கை இருப்பது ஏறத்தாழ (115.4, 276.9)இல். நுனியோ அதே (300, 200)இல்.

முதல் நிலையை வலக்கை நிலை என்றும் இரண்டாவதை இடக்கை நிலை என்றும் சொல்வார்கள். பெயருக்குக் காரணம் தேடிப் போக வேண்டியதில்லை: முன்னால் இருக்கும் தம்ளரை வலக்கையால் எடுத்தால் முழங்கை வலப்புறம் விலகும், இடக்கையால் எடுத்தால் இடப்புறம்.

எல்லா இலக்கும் இப்படிச் செங்கோணமாக அமையாது. பொதுவான வழி, தோள், முழங்கை, இலக்கு மூன்றையும் ஒரு முக்கோணமாகப் பார்ப்பது. மூன்று பக்கமும் தெரிந்தவை: 300, 200, பிறகு தோளுக்கும் இலக்குக்கும் உள்ள தூரம். பக்கங்கள் தெரிந்தால் கோணத்தைத் தருவது பள்ளிப் பாடத்தில் வரும் கொசைன் விதி. உள்கோணத்துக்குப் பதில் θ2ஐ எழுதும்போது குறி மாறி, இப்படி நிற்கும்:

cos θ2 = (x² + y² − L1² − L2²) / (2·L1·L2)

இலக்கை (350, 200)க்கு நகர்த்தினால் x² + y² = 1,62,500; நீளங்களின் வர்க்கக் கூடுதல் 1,30,000; மீதி 32,500. அதை 1,20,000ஆல் வகுத்தால் 0.2708. அந்தக் கொசைன் உள்ள கோணம் 74.29°. ஆனால் −74.29°க்கும் கொசைன் அதேதான். இரண்டு முழங்கைகளும் சமன்பாட்டுக்குள் நுழைவது இந்த ஒரே வாசல் வழியாக.

தோள் கோணத்துக்கு, இலக்கின் திசையிலிருந்து மேற்கை எவ்வளவு விலகி நிற்கிறது என்று தெரிந்தால் போதும். இலக்கின் திசை 29.74°. மேற்கையின் நீட்சியில் நின்று பார்த்தால் நுனி 300 + 200·cos θ2 = 354.2 மி.மீ. முன்னேயும், 200·sin θ2 = 192.5 மி.மீ. பக்கவாட்டிலும் இருக்கிறது, அது 28.53° விலகல். வலக்கைக்கு அதைக் கழித்தால் θ1 = 1.22°, இடக்கைக்குக் கூட்டினால் 58.27°.

நிரலில் இது சில வரிகளே. கோணங்கள் ரேடியனில் கிடைக்கும்:

```python
from math import atan2, sqrt

def ik(x, y, L1, L2, elbow):   # elbow: +1 / -1
    c2 = (x*x + y*y - L1*L1 - L2*L2) / (2*L1*L2)
    if abs(c2) > 1 + 1e-9:
        return None
    c2 = max(-1.0, min(1.0, c2))
    s2 = elbow * sqrt(1 - c2*c2)
    t2 = atan2(s2, c2)
    t1 = atan2(y, x) - atan2(L2*s2, L1 + L2*c2)
    return t1, t2
```

`atan2` இல்லாமல் y/x என்று வகுத்துக் கோணம் தேடினால், (−300, −200)உம் (300, 200)உம் ஒரே விடை தரும். கை இலக்குக்கு நேர் எதிர்ப்பக்கம் போய் நிற்கும்.

`None` வருவது எப்போது? கை நேராக நீண்டால் 500 மி.மீ. முழுதாக மடங்கினால் நுனி தோளிலிருந்து 100 மி.மீ.யில். இந்த இரு வட்டங்களுக்கு நடுவிலுள்ள வளையம்தான் கையின் ஆட்சிப்பகுதி. வெளியே உள்ள இலக்குக்கு cos θ2, 1ஐத் தாண்டியோ −1க்குக் கீழோ போய்விடும். சரியாக விளிம்பில் இருக்கும் இலக்குக்கும் கணினியின் தசமப் பிழையால் 1.0000000000002 போன்ற எண் வரக்கூடும். அதற்காகத்தான் அந்தச் சிறு சலுகை.

விளிம்பை எட்ட முடியும் என்பதற்காக அங்கே வேலை வைப்பது நல்லதல்ல. (300, 200) அருகே நுனியை 1 மி.மீ. வெளியே தள்ள முழங்கை ஏறத்தாழ 0.34° விரிந்தால் போதும். 499 மி.மீ.யிலிருந்து 500க்குப் போகவோ 7.4° விரிய வேண்டும். நுனி நேர்க்கோட்டில் சீரான வேகத்தில் போக வேண்டுமென்று கட்டளையிட்டால், அந்தக் கடைசி மில்லிமீட்டரில் முழங்கை மோட்டார் திணறும். கட்டுப்பாட்டுப் பெட்டி வேக வரம்பு மீறல் என்று நின்றுவிடும்.

எந்த முழங்கையைத் தேர்வது என்பதைச் சமன்பாடு சொல்லாது. மூட்டின் சுழற்சி வரம்பு ஒன்றை விலக்கலாம். பக்கத்தில் நிற்கும் தூணோ பெட்டியோ இன்னொன்றைத் தடுக்கலாம். இரண்டும் ஆகுமென்றால், இப்போது இருக்கும் நிலையிலேயே தொடர்வது வழக்கம். ஏனென்றால் முழங்கையை மறுபக்கம் மாற்ற θ2 சுழியத்தைக் கடக்க வேண்டும். அந்தக் கணத்தில் கை முழு நீளத்துக்கு நீண்டு நிற்கும். 360 மி.மீ. தூரத்தில் வேலை செய்துகொண்டிருந்த நுனி, 500 மி.மீ. வரை போய்த்தான் திரும்பும். வழியில் என்ன இருக்கிறது என்று நிரல் எழுதியவர் யோசிக்காமல் விட்டிருந்தால் மோதல்தான்.

இன்னொரு காரணம் நுணுக்கமானது. முழங்கையின் சுழியக் குறி 0.1° தவறியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், நுனி முன்கைக்குச் செங்குத்தாக 0.35 மி.மீ. விலகும். வலக்கையில் புள்ளியைக் கற்பித்து வலக்கையிலேயே அதற்குத் திரும்பினால் பிழை இரண்டு முறையும் ஒரே மாதிரி நிகழ்வதால் வெளியே தெரியாது. அதே (300, 200)க்கு இடக்கையில் போனால் முன்கையின் திசை வேறு, விலகும் திசையும் வேறு. இரு இறங்கிடங்களுக்கும் நடுவே 0.58 மி.மீ. இடைவெளி விழும். மின்சுற்றுப் பலகையின் துளைக்குள் கம்பியை இறக்கும் வேலைக்கு அது அதிகம். இந்தத் தொல்லையையே அளவுகோலாகவும் திருப்பிக்கொள்ள முடியும்: நுனியில் ஓர் ஊசியை மாட்டி, ஒரே புள்ளியை இரண்டு முழங்கைகளாலும் தொட்டு, மூட்டு அளவிகள் காட்டும் θ2 மதிப்புகளைக் குறித்துக்கொள்கிறார்கள். குறி மட்டும் மாறி எண் ஒன்றாக இருந்தால் சுழியம் சரி, 90.1°, −89.9° என்று வந்தால், வித்தியாசத்தில் பாதியான 0.1°தான் திருத்த வேண்டிய பிழை.