ஓரத்தை வெட்டினால் படம் ஏன் மங்குகிறது?

பெரியப்பா, கல்யாண வீட்டுப் படத்தில் உங்களுக்கும் பெரியம்மாவுக்கும் பக்கத்தில் யாரோ ஒருவரின் முழங்கை நீட்டிக்கொண்டிருக்கிறது என்றீர்களே, அதை எடுத்துவிடலாம்.

கூகுள் போட்டோஸில் படத்தைத் திறந்து, கீழே Edit, பிறகு Crop தொடுங்கள். படத்தைச் சுற்றி ஒரு சட்டம் வரும். அதன் மூலையில் விரலை வைத்து, எடுக்காமல் உள்ளே இழுங்கள். முழங்கை சட்டத்துக்கு வெளியே போனதும் நிறுத்துங்கள். விரலை மூலையில் வைக்காமல் நடுவில் வைத்தால் சட்டம் அப்படியே நிற்கும், படம்தான் நகரும். பயப்படாமல் மறுபடி மூலையைப் பிடியுங்கள். முடிந்ததும் Save copy தொட்டால் பழைய படமும் பத்திரமாக இருக்கும்.

ரொம்ப வெட்டினால் முகம் ஏன் மங்குகிறது? படம் என்பது சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகளால் ஆன கோலம். போனில் எடுத்த ஒரு படத்தில் குறுக்கே 4000, நெடுக்கே 3000 புள்ளிகள் என்று வையுங்கள். இரண்டு பக்கமும் பாதியாக்கினால் மிஞ்சுவது 2000க்கு 1500, அதாவது கால்வாசிதான். வெட்டுவது புதுப் புள்ளி எதையும் சேர்க்காது. மிஞ்சியதைப் பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவே. ஆறுக்கு நாலு அங்குலத்தில் பிரிண்ட் போட 1800க்கு 1200 போதும் என்பதால் இந்த அளவு வரை கவலையில்லை.

வாட்ஸ்அப்பில் வந்த படம் என்றால் நிலைமை வேறு. அது பெரும்பாலும் ஏற்கெனவே சுருங்கியே வந்திருக்கும். எடுத்தவரிடம் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லி வாங்கி, அதையே வெட்டுங்கள்.