மேற்பார்வையாளருக்கு ஒரு விண்ணப்பம்

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் நெசவும் மல்லாட்டைச் சாகுபடியும் நம் அங்கத்தினர்களுக்குப் பழகிய தொழில்கள். ஆயினும் அவர்கள் வீட்டுப் பெண்களிற் சிலர் இன்று காலணி, ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் செல்கின்றனர். தறியிலும் கழனியிலும் கர்ப்பிணி களைத்தால் தானே சற்று உட்காருவாள். தொழிற்சாலையிலோ அதற்கும் மேற்பார்வையாளரின் இசைவு வேண்டும். அதை எவ்விதம் கேட்பது என்பதையே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் அறியவேண்டியது, வாயால் கேட்பதற்கும் எழுதிக் கேட்பதற்கும் உள்ள வேற்றுமை. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் கர்ப்பிணிக்குக் கடின வேலையும் நெடுநேரம் நிற்கும் வேலையும் தரலாகாது என்றது. ஆனால் அவள் வேண்டிக்கொண்டால் என்ற நிபந்தனையோடுதான் அதைச் சொல்லிற்று. அவ்விதி 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளது. வேண்டுகோளின்றேல் அவ்வுரிமை எழாது. வாயால் கேட்டதை, மேற்பார்வையாளர் மாறியவுடன், யாரும் கேட்கவில்லை என்று சொல்லிவிடலாம்.

இரண்டாவது, நாட்கணக்கு. எதிர்பார்க்கும் பிரசவ நாளுக்கு முந்திய ஆறு வாரங்களுக்கும் முன்னுள்ள ஒரு மாதமே இச்சலுகைக்குரிய காலம். அந்த ஆறு வாரங்களில் விடுப்பு எடுக்காமல் வேலைக்கு வந்தால் அந்நாட்களுக்கும் இது பொருந்தும். ஓர் உதாரணம் கொள்வோம். ஒருத்தி கடைசியாக விலக்கான முதல் நாள் பிப்ரவரி 23. அதிலிருந்து 280 நாள் எண்ணினால் பிரசவ நாள் நவம்பர் 30 ஆகும். ஆறு வாரம் பின்சென்றால் அக்டோபர் 19. மேலும் ஒரு மாதம் பின்சென்றால் செப்டம்பர் 19. அன்று முதல் அவளுக்கு இலேசான வேலை கேட்கும் சட்ட உரிமை உண்டு. கிராம சுகாதாரச் செவிலியர் தரும் அட்டையில் பிரசவ நாள் குறித்திருக்கும்; அதன் நகலை விண்ணப்பத்துடன் இணைத்தல் வேண்டும்.

ஆனால் காலில் வீக்கமும் இடுப்பு நோவும் ஏழாம் மாதம் வரை காத்திருப்பதில்லை. இங்கேதான் உட்காரும் வசதி உதவுகிறது. நின்று வேலை செய்வோர் அனைவருக்கும், ஓய்வு கிடைக்கும்போது அமர இருக்கை வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 44-ஆம் பிரிவில் வகுத்தது. 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கை ஏற்பாடு இடம்பெற்றுள்ளது. இது கர்ப்பிணிக்கு மட்டும் உரியதன்று. ஆகவே எந்த மாதத்திலும் கேட்கலாம். செப்டம்பருக்கு முன் வேலை மாற்றமும் தேவையானால் மருத்துவரின் எழுத்து மூலமான யோசனையைச் சேர்க்க வேண்டும்; அக்காலத்தில் அது நிர்வாகத்தின் நல்லெண்ணத்தைச் சார்ந்ததே.

எனவே கடிதத்தில் இரு கோரிக்கைகளையும் பிரித்து எழுதுதல் நலம். மாதிரி இது:

"மதிப்பிற்குரிய மேற்பார்வையாளர் ஐயா அவர்களுக்கு, வணக்கம். நான் பசை பூசும் பிரிவில் நின்று வேலை செய்கிறேன். தற்போது கர்ப்பமாக இருக்கிறேன். பிரசவ நாள் நவம்பர் 30 என்று மருத்துவ அட்டையில் குறித்துள்ளார்கள், நகல் இணைத்துள்ளேன். இன்று முதல் என் மேசையருகே முதுகு சாயும் நாற்காலி ஒன்று அளித்து, இடையிடையே சிறிது நேரம் அமர அனுமதிக்க வேண்டுகிறேன். செப்டம்பர் 19 முதல் பெட்டி தூக்கும் வேலையும் நின்று செய்யும் வேலையும் நீக்கி, பசை நெடியில்லாத இடத்தில், உட்கார்ந்து நூல் நறுக்கும் வேலை தரவேண்டுகிறேன். என் தினக்கூலி மாறாதிருக்க வேண்டுகிறேன்."

'இலேசான வேலை' என்று மட்டும் எழுதினால், எது இலேசு என்பதை மற்றவர் தீர்மானிப்பார்கள். அதனால்தான் நீக்கவேண்டிய வேலையையும் தரவேண்டிய வேலையையும் பெயர் சொல்லிக் கேட்டோம். கூலியைக் குறித்த கடைசி வரியும் வீணன்று. இச்சலுகையால் வேலை மாறியது என்ற ஒரே காரணத்திற்காக, மகப்பேறு நலனுக்கு உரியவளின் வழக்கமான கூலியைக் குறைக்கலாகாது என்பதும் சட்டமே. வேலை மாற்றிய வாரத்துக் கூலிச் சீட்டை முந்திய சீட்டுடன் ஒப்பிட்டால், குறைந்ததா என்பது உடனே தெரியும்.

கடிதத்தை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றில் தேதியுடன் கையொப்பம் பெறவேண்டும். கையொப்பமிட மறுத்தால் நிர்வாகத்தின் பெயருக்கு விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளலாம். பதில் 'வீட்டுக்குப் போய் ஓய்வெடு' என்பதாயின், அது சம்பளமுள்ள விடுப்பா, இல்லையா என்பதை எழுத்தில் கேட்கவேண்டும்; நாம் கேட்டது வேலை மாற்றமேயன்றி வேலை நீக்கமன்று. இசைவு கிட்டாவிடில், அதே பிரதியுடன் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை அலுவலரிடம் முறையிடலாம்.

தினக்கூலிப் பெண்கள், இவையெல்லாம் நிரந்தரப் பணியாளருக்கே என்று தயங்குவதுண்டு. டில்லி மாநகராட்சியில் தினக்கூலிப் பட்டியலில் இருந்த பெண்களின் வழக்கில், மகப்பேறு நலம் அவர்களுக்கும் உண்டென்று உச்சநீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு தீர்ப்பளித்துவிட்டது. ஆகையால் நம் அங்கத்தினர் வீட்டுப் பெண் எவரேனும் கருவுற்றிருப்பின், அட்டையிலுள்ள நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, உரிய நாளுக்குப் பத்து நாட்கள் முன்னரேனும் விண்ணப்பத்தைச் சேர்ப்பித்துவிடுவாராக.