14ஆம் நாள் எல்லோருக்கும் பொருந்துமா?

உயர்தர உயிரியல் படிப்போரும் தாதியர் பயிற்சியில் இருப்போரும் மாதவிடாய் வட்டத்தை ஒரு படமாகவே மனனம் செய்துகொள்கிறார்கள். 28 நாள் வட்டம், 14ஆம் நாளில் சூல்கொள்ளல், அதாவது சூலகத்திலிருந்து சூல் வெளியேறுதல். வினாவில் வட்டத்தை 35 நாள் என்று மாற்றிவிட்டால் பலர் அதைப் பாதியாக்கி 17 அல்லது 18 என எழுதிவிடுகின்றனர். இது பிழை. ஏன் பிழை என்பதை விளங்கிக்கொள்ள, ஓமோன்கள் ஒன்றையொன்று எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன என்று பார்க்க வேண்டும்.

இரத்தப்போக்குத் தொடங்கும் நாளையே முதலாம் நாளாகக் கொள்கிறோம். அவ்வேளை ஈஸ்திரஜன், புரோஜெஸ்தரோன் இரண்டும் குறைந்த அளவில் உள்ளன. எனவே கபச்சுரப்பியின் மீதிருந்த தடை நீங்குகிறது. புடைப்பைத் தூண்டும் ஓமோனாகிய எப்.எஸ்.எச். கூடுகிறது. சூலகத்தில் பல புடைப்புகள் வளரத் தொடங்குகின்றன. வளரும் புடைப்புகள் ஈஸ்திரஜனைச் சுரக்கின்றன. அது இன்ஹிபின் என்னும் மற்றொரு ஓமோனுடன் சேர்ந்து எப்.எஸ்.எச். சுரப்பைக் குறைக்கிறது. இதுவே எதிர்ப் பின்னூட்டல். விளைவு கூடக்கூட, அதனைத் தூண்டியது குறைந்துவிடுகிறது.

இந்தக் குறைவுக்கு ஒரு பயன் உண்டு. பாடக்குறிப்புகள் இதனைப் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. எப்.எஸ்.எச். குறைந்ததும் சிறிய புடைப்புகள் வளர முடியாமல் அழிந்துபோகின்றன. எல்லாவற்றிலும் முந்தி வளர்ந்த ஒன்று மட்டும், குறைந்த எப்.எஸ்.எச்.சுக்கும் நன்கு துலங்கக்கூடியதாக இருப்பதால், தப்பிப் பிழைக்கிறது. மாதமொன்றுக்கு வழக்கமாக ஒரே சூல் வெளியேறுவது இதனாலேயே.

தப்பிய அந்தப் புடைப்பு ஈஸ்திரஜனை மேலும் மேலும் சுரக்கிறது. இரத்தத்தில் அதன் அளவு மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய 200 பிக்கோகிராமைத் தாண்டி, சுமார் இரண்டு நாட்கள் அப்படியே நீடித்தால், நிலைமை தலைகீழாகிறது. இதுவரை தடுத்த அதே ஈஸ்திரஜன் இப்போது பரிவகக்கீழையும் கபச்சுரப்பியையும் தூண்டுகிறது. எல்.எச். எனப்படும் லூட்டினாக்கும் ஓமோன் திடீரெனப் பெருக்கெடுக்கிறது. இது நேர்ப் பின்னூட்டல். அளவு மட்டும் உயர்ந்தாற் போதாது, உயர்ந்த அளவு நீடிக்கவும் வேண்டும் என்பதை விடையில் எழுதத் தவறாதீர்கள். பெருக்குத் தொடங்கி ஏறத்தாழ 36 மணித்தியாலத்தில் புடைப்பு வெடித்து, சூல் வெளியேறுகிறது.

வெடித்த புடைப்பின் எச்சம் மஞ்சட் சடலமாகிறது. இது புரோஜெஸ்தரோனையும் ஈஸ்திரஜனையும் சுரந்து கருப்பையின் அகத்தோலைக் கருவை ஏற்க ஆயத்தப்படுத்துகிறது. புரோஜெஸ்தரோன் கூட இருப்பதால் ஈஸ்திரஜன் இப்போது மீண்டும் பெருக்கை எழுப்ப முடிவதில்லை. எதிர்ப் பின்னூட்டலே திரும்புகிறது. இரு ஓமோன்களும் கலந்த கருத்தடை மாத்திரை சூல்கொள்ளலைத் தடுப்பதும் முக்கியமாக இவ்வழியிலேதான். கரு பதியாவிடில் மஞ்சட் சடலம் ஏறக்குறைய 14 நாளில் நலிந்துபோகிறது. ஓமோன்கள் இரண்டும் வீழ, அகத்தோலுக்கான நாடிகள் சுருங்கி, அது உரிந்து இரத்தப்போக்காகிறது. கரு பதிந்தால், அது சுரக்கும் எச்.சி.ஜீ. என்னும் ஓமோன் மஞ்சட் சடலத்தைக் காப்பாற்றும், மாதவிடாய் வராது.

இனி நமது 35 நாள் வினாவுக்கு வருவோம். மஞ்சட் சடலத்தின் ஆயுள் ஓரிரு நாட்களே கூடிக் குறையும். ஆனால் ஒரு புடைப்பு முதிர்ந்து போதிய ஈஸ்திரஜனைச் சுரக்க எடுக்கும் காலம் பெண்ணுக்குப் பெண், மாதத்துக்கு மாதம் வேறுபடும். நீண்ட வட்டத்தில் நீள்வது இந்த முற்பாதியே. ஆகவே கணக்கைப் பின்னிருந்து எண்ண வேண்டும்: 35இலிருந்து 14ஐக் கழித்தால் 21. சூல்கொள்ளல் ஏறக்குறைய 21ஆம் நாளில். எல்.எச். பெருக்கு 19ஆம் அல்லது 20ஆம் நாளில் தொடங்கியிருக்கும். புரோஜெஸ்தரோன் உச்சமடைவது அதற்கு ஒரு வாரத்தின் பின், 28ஆம் நாளளவில்.

வாட்டில் வேலை செய்வோருக்கு இது வெறும் பரீட்சைக் கணக்கல்ல. பிள்ளைப்பேறின்றி வரும் பெண்ணுக்குச் சூல் வெளியேறுகிறதா என அறிய, வழக்கமாக 21ஆம் நாளில் இரத்தம் எடுத்துப் புரோஜெஸ்தரோனை அளக்கிறார்கள். அந்த நாள் 28 நாள் வட்டத்துக்கே உரியது. 35 நாள் வட்டமுடையவரிடம் அன்று எடுத்தால் அளவு குறைவாகவே இருக்கும். நலமாகச் சூல்கொள்ளும் பெண்ணுக்கும் "சூல் வெளியேறவில்லை" என்று எழுதப்பட்டுவிடலாம். எனவே இரத்தம் எடுக்குமுன் வட்டத்தின் நீளத்தைக் கேட்டு, அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முந்திய நாளைக் குறித்துக் கொடுக்க வேண்டும். வட்டம் ஒழுங்கற்றதாயின் அந்த நாளை முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. அப்போது ஒரு வார இடைவெளியில் மீண்டும் இரத்தம் எடுத்து, அடுத்த மாதவிடாய் வந்த திகதியையும் கேட்டறிந்த பின்னரே முடிவைப் பொருள்கொள்ளலாம்.