இரண்டு வரி எழுதித் தருவீர்களா?

கல்யாணச் சீசனில் ஒரு தையல்கடைக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளைப் பாருங்கள். "அக்கா, ப்ளவுஸ் கச்சிதமா இருந்துச்சு, எல்லாரும் எங்க தைச்சேன்னு கேட்டாங்க." இப்படி எழுதும் அதே பெண்ணிடம் கூகுளில் ஒரு ரெவ்யூ போடச் சொன்னால், "கண்டிப்பா போடுறேன்" என்பார். அதோடு சரி. மனமில்லாமல் இல்லை. எங்கே போய் எழுதுவது, என்ன எழுதுவது என்ற இரண்டு சிக்கல்களில் அது நின்றுபோகிறது. அந்த இரண்டையும் கேட்பவரே முன்கூட்டித் தீர்த்துவைத்தால் வற்புறுத்த வேண்டியதே இல்லை.

முதலில் எங்கே என்பது. கடையின் கூகுள் பக்கத்தை உரிமையாளர் தன் கணக்கில் திறந்தால், ரெவ்யூ கேட்பதற்கென்றே ஒரு லிங்க்கும் க்யூஆர் கோடும் கிடைக்கும். அந்த லிங்க்கைத் தொட்டதும் நட்சத்திரம் போடும் இடம் நேராகத் திறக்க வேண்டும். வேறொருவர் போனில் ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள். "கூகுளில் நம்ம கடைப் பேரைத் தேடி, கீழே போய்..." என்று வழி சொல்லத் தொடங்கினால் பாதிப் பேர் அங்கேயே விட்டுவிடுவார்கள்.

அடுத்தது எப்போது. துணியை வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கும் நேரத்தில் பெரும்பாலான கடைகள் கேட்கின்றன. அப்போது அவர் ப்ளவுஸைப் போட்டே பார்த்திருக்க மாட்டார். எதைப் பற்றி எழுதுவார்? விசேஷம் முடிந்த இரண்டு நாளில், "கை, கழுத்து எல்லாம் சரியா இருந்துச்சாக்கா?" என்று மட்டும் கேளுங்கள். அக்குள் பிடிக்கிறது என்று பதில் வந்தால், பிரித்துத் தைத்துக் கொடுப்பதுதான் அப்போதைய வேலை. நன்றாக இருந்தது என்று வந்தால், அந்தப் பேச்சோடு பேச்சாக இப்படி அனுப்பலாம்:

"ரொம்ப சந்தோஷம் அக்கா. இப்ப சொன்னதையே இந்த லிங்க்ல ரெண்டு வரி எழுதினீங்கன்னா, புதுசா தைக்கக் கடை தேடுறவங்களுக்கு உதவியா இருக்கும். என்ன தைச்சீங்க, அளவு எப்படி இருந்துச்சு, சொன்ன தேதிக்குக் கிடைச்சுதா, இதுல எது தோணுதோ அது போதும். தமிழ்லயே எழுதலாம். முடியலைன்னாலும் பரவாயில்லை."

இதில் முக்கியமானவை நடுவில் இருக்கும் மூன்று கேள்விகள். "நல்ல ரெவ்யூ போடுங்க" என்றால் "சூப்பர்" என்ற ஒற்றைச் சொல்தான் வரும். அதை வைத்து யாரும் கடையை முடிவு செய்வதில்லை. "போட் நெக், ஆரி வொர்க், முகூர்த்தத்துக்கு மூணு நாள் முன்னாடியே கொடுத்துட்டாங்க" என்ற வரியைப் படிக்கும் கல்யாணப் பெண், தன் கவலைக்கே பதில் கிடைத்ததாக நினைப்பாள். வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுத்து ஒட்டச் சொல்லாதீர்கள். பத்துப் பேர் ஒரே சொற்களில் புகழ்ந்தால் அது படிப்பவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். கடை ஆட்களும் எழுதக் கூடாது.

பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கு மேல் அனுப்பினால், அடுத்த முறை உங்கள் எண்ணைப் பார்த்தாலே அவர் தயங்குவார்.

"ரெவ்யூ போட்டால் அடுத்த ப்ளவுஸுக்கு ஐம்பது ரூபாய் குறைப்பு" என்பது சாதாரணச் சலுகையாகத் தோன்றும். ஆனால் கூகுள் விதிப்படி ரெவ்யூவுக்காகப் பணமோ தள்ளுபடியோ தரக் கூடாது. புகழ்வார்கள் என்று தெரிந்தவர்களிடம் மட்டும் கேட்பதற்கும் அங்கே தடை உண்டு. ஆகவே குறை சொன்னவருக்கும், குறையைச் சரிசெய்து கொடுத்த பிறகு, அதே லிங்க்கை அனுப்புவதுதான் முறை. பெரும்பாலான கடைக்காரர்களுக்கு இது கசக்கும். ஆனாலும், பிரித்துத் தைத்துக் கொடுத்ததைச் சொல்லும் ஒரு நான்கு நட்சத்திர ரெவ்யூவைத்தான் நான் வாடிக்கையாளராக அதிகம் நம்புவேன்.

கூகுளில் எழுதினால் தன் பெயர் எல்லோருக்கும் தெரிந்துவிடுமோ என்ற எண்ணம் சிலருக்கு இருக்கும். பெண்கள் பலர் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். அவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள். அதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி, அவரிடம் காட்டி, "பேருக்குப் பதிலா முதல் எழுத்தும் ஊரும் மட்டும் போட்டு, கடை இன்ஸ்டாகிராம்ல போடலாமா?" என்று கேட்டு வாங்குங்கள். போட்டோ போடுவதானால் அதற்குத் தனியாக அனுமதி வேண்டும். வார்த்தைக்குச் சம்மதித்தவர் படத்துக்கும் சம்மதித்ததாக ஆகாது.

ரெவ்யூ வந்துவிட்டால் அதன் கீழேயே பதில் எழுதுங்கள். எல்லோருக்கும் ஒரே நன்றியை ஒட்டாமல், அவர் தைத்த துணியைக் குறிப்பிட்டு ஒரு வரி எழுதினால் போதும். குறை வந்தாலும் அங்கே வாதாட வேண்டாம். என்ன சரிசெய்து தர முடியும் என்பதையும் கடையின் எண்ணையும் எழுதிவிட்டு, மீதியைப் போனில் பேசிக்கொள்ளுங்கள்.