கான்கிரீட்டுக்குள் இருக்கும் உப்பை அளப்பது எப்படி?

கடலோர வீடுகளில் தளத்தின் அடிப்பக்கம் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். சிமெண்டின் காரத்தன்மை கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். உப்பிலிருந்து வரும் குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் தேவை. அது உப்பி எழும்போது கான்கிரீட் பிளக்கிறது. ஆகவே பழுதுபார்க்கும் முன் பொறியாளர் கேட்பது, உள்ளே எவ்வளவு குளோரைடு இருக்கிறது என்பதுதான்.

இதற்குத் தளத்தைத் துளையிட்டுத் தூள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தூளில் குளோரைடின் ஒரு பகுதி சிமெண்டோடு பிணைந்திருப்பதால், தண்ணீரில் ஊறவைத்தால் முழுவதும் வெளியே வராது. நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைக்க வேண்டும். இங்கேதான் ஒரு சிக்கல். குடிநீரில் குளோரைடு அளக்க வழக்கமாகக் கையாளும் மோர் முறையில் குரோமேட் நிறங்காட்டி. அமிலத்தில் அது செயல்படாது, ஏனென்றால் வர வேண்டிய செந்நிற வெள்ளிக் குரோமேட் அமிலத்தில் கரைந்துபோகும்.

ஜெர்மன் வேதியியலர் யாக்கோப் வோல்ஹார்ட் 1874-இல் வெளியிட்ட முறை அமிலத்திலேயே நடப்பது. செறிவு தெரிந்த சில்வர் நைட்ரேட்டைத் தேவைக்கு மேலாகவே ஊற்ற வேண்டும். குளோரைடு முழுவதும் வெள்ளியோடு சேர்ந்து வெண்ணிற வீழ்படிவாகிவிடும். மீந்த வெள்ளியைப் பியூரெட்டிலிருந்து விடும் தயோசயனேட் கணக்கெடுக்கும். இதுதான் பின்தரம்பார்த்தல். கரைசலில் முன்கூட்டியே சில துளி ஃபெரிக் ஆலம் சேர்த்திருப்பார்கள். வெள்ளி இருக்கும்வரை தயோசயனேட் அதோடு சேர்ந்து வெள்ளையாகப் படியும். வெள்ளி தீர்ந்ததும் அடுத்த துளி ஃபெரிக் அயனியைப் பிடித்துக்கொள்ள, கரைசல் செம்பழுப்பாகும். அமிலம் இங்கே உதவியும் செய்கிறது. அது இல்லையென்றால் ஃபெரிக் அயனி தானே பழுப்பாகப் படிந்து நிறத்தைக் கெடுத்துவிடும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 5 கிராம் தூள். 0.1 மோலார் சில்வர் நைட்ரேட் 5.0 மில்லி ஊற்றினோம். அதே செறிவுள்ள தயோசயனேட் 3.2 மில்லி செலவாகி நிறம் வந்தது. ஆக, குளோரைடு பிடித்துக்கொண்ட வெள்ளி 1.8 மில்லி. அது 6.4 மில்லிகிராம் குளோரைடுக்குச் சமம், அதாவது தூளின் எடையில் 0.13 சதவீதம். கான்கிரீட்டின் எடை கன மீட்டருக்கு 2,400 கிலோ என்று கொண்டால், சுமார் 3 கிலோ குளோரைடு. சாதாரணக் கம்பிக் கான்கிரீட்டில், வார்க்கும்போது, கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456 விதி.

இந்த முறையின் பலவீனம் அந்தச் செந்நிறத்திலேயே இருக்கிறது. வெள்ளித் தயோசயனேட், வெள்ளிக் குளோரைடைவிடக் குறைவாகவே கரையும். அதனால் குளோரைடு வீழ்படிவு குடுவையில் கிடந்தால், வந்த தயோசயனேட் அதிலிருக்கும் வெள்ளியையும் மெல்லப் பறிக்கத் தொடங்கும். குடுவையைச் சுழற்றினால் செந்நிறம் மங்கும். இன்னொரு துளி விட்டால் வரும், மறுபடி மங்கும். நிறத்தைத் துரத்திக்கொண்டே போகும் ஆய்வாளர் 3.2-க்குப் பதில் 3.7 மில்லியில் நிறுத்தினார் என்று வைத்துக்கொள்வோம். குளோரைடுக்குச் செலவான வெள்ளி 1.3 மில்லியாகச் சுருங்கி, 3 கிலோ 2.2 கிலோவாகத் தெரியும். கெட்டுப்போன கான்கிரீட்டை ஓரளவு நல்லதாகக் காட்டும் பிழை என்பதால், இதை அலட்சியப்படுத்தவே கூடாது.

பழைய தீர்வே எனக்குப் பிடித்தது. வெள்ளி சேர்த்தபின் கொதிக்கவைத்தால் வீழ்படிவு திரண்டு கனமாகும். அதை வடிகட்டி, நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் கழுவி, வடிநீரை ஆறவிட்டுத் தரம்பார்க்கலாம். இன்னொரு வழி, நைட்ரோபென்சீன் சிறிது சேர்த்து நன்றாகக் குலுக்குவது. எண்ணெய் போன்ற அந்தத் திரவம் வீழ்படிவைப் போர்த்திவிடும். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அது தோல் வழியாகவும் உடலுக்குள் போகும் நஞ்சு. வடிகட்ட ஆகும் கூடுதல் நேரம் வீண் இல்லை.

கசடு கலந்த சிமெண்டாக இருந்தால் வேறொரு தொல்லை. அமிலம் ஊற்றியதும் அழுகிய முட்டை நாற்றம் வந்தால், சல்ஃபைடு இருக்கிறது என்று பொருள். அதுவும் வெள்ளியைப் பிடித்துக் கருப்பாகப் படியும். குளோரைடு கூடுதலாகத் தெரியும். வெள்ளியைச் சேர்க்கும் முன்பே ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுக் கொதிக்கவைத்து அதைப் போக்கிவிடுவார்கள்.

ஒரே ஒரு துளையின் எண்ணை வைத்து முடிவெடுக்க முடியாது. ஒரே இடத்தில் ஆழம் ஆழமாகத் தூள் எடுத்துத் தனித்தனியே அளக்க வேண்டும். மேற்பரப்பில் அதிகமாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும் இருந்தால், உப்பு கடல் காற்றிலிருந்து ஊடுருவியிருக்கிறது. கம்பியின் ஆழத்தை அது எட்டவில்லை என்றால் தளத்தைக் காப்பாற்ற வழி உண்டு. எல்லா ஆழத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு வந்தால், கட்டும்போதே உப்பு மணலோ உப்புத் தண்ணீரோ கலந்திருக்கிறது என்ற சந்தேகம் வலுக்கும். அந்தத் தளத்துக்கு மேற்பூச்சு பூசிப் பயனில்லை.