ஷெஃபீல்டுக்கு இருந்த ஒன்றரை நிமிடம்

1982 மே மாதம் ஃபாக்லாந்து தீவுகளை மீட்கப் புறப்பட்டு வந்த பிரிட்டிஷ் கடற்படையில் 2 விமானந்தாங்கிக் கப்பல்கள் இருந்தன. எதிரே இருந்த அர்ஜென்டினாவின் கையில், விமானத்திலிருந்து கப்பல் மீது ஏவக்கூடிய எக்ஸோசெட் ஏவுகணைகள் மொத்தமே 5. மேற்கொண்டு தருவதாக இருந்த பிரான்ஸ், சண்டை மூண்டதும் கைவிரித்துவிட்டது. ஆனால் அந்த ஐந்துக்கு அஞ்சியே பிரிட்டிஷ் தளபதி தன் விமானந்தாங்கிக் கப்பல்களைத் தீவுகளுக்கு வெகுதூரம் கிழக்கே நிறுத்திவைக்க வேண்டியிருந்தது.

இந்தப் பயத்துக்குக் காரணம் ஏவுகணையின் வெடிமருந்து அல்ல. அதன் தலையில் இருப்பது 165 கிலோதான். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சு விமானங்களே அதைவிடக் கனமான குண்டுகளைப் போட்டிருக்கின்றன. உண்மையான காரணம் பூமியின் வளைவு. ரேடார் அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகும். கடலோ வளைந்து கீழே இறங்கிவிடும். கப்பலின் ரேடார் கடல்மட்டத்திலிருந்து 20 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அலைகளுக்கு 3 மீட்டர் மேலே பறந்து வரும் பொருள், சுமார் 25 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்வரை அதன் கண்ணில் படாது. எக்ஸோசெட் விநாடிக்கு 300 மீட்டருக்குச் சற்று மேல் பறக்கக்கூடியது. ஆக, எல்லாம் சரியாக வேலை செய்தாலும் கப்பலுக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. பார்க்க, எதிரிதான் என்று உறுதிசெய்ய, குறிவைக்க, சுட, எல்லாமே அதற்குள் நடந்தாக வேண்டும்.

மே 4 அன்று ஷெஃபீல்ட் என்ற நாசகாரிக் கப்பலுக்கு அந்த ஒன்றரை நிமிடமும் முழுசாகக் கிடைக்கவில்லை. அர்ஜென்டினாவின் பழைய நெப்டியூன் கண்காணிப்பு விமானம் ஒன்று பிரிட்டிஷ் கப்பல்கள் நின்ற இடத்தைக் கண்டுபிடித்துச் சொன்னது. ரியோ கிராண்டே தளத்திலிருந்து 2 சூப்பர் எதாந்தார் விமானங்கள் கிளம்பி, நடுவானில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, கடலை ஒட்டித் தாழப் பறந்து வந்தன. கடைசியில் சற்றே மேலெழும்பி, ஒரு கணம் ரேடாரைப் போட்டு, இலக்கைப் பிடித்து, ஆளுக்கொரு ஏவுகணையை விட்டுவிட்டுத் திரும்பிவிட்டன. கப்பல் இருக்கும் இடம் தோராயமாகத் தெரிந்தால் எக்ஸோசெட்டுக்குப் போதும். அந்தத் திசையில் தானாகவே பறந்துபோய், கடைசிச் சில கிலோமீட்டரில் மட்டும் தன் சொந்த ரேடாரைத் திறந்து தேடும்.

விமானத்தின் ரேடார் பளிச்சிட்ட அந்த ஒரு கணத்தை, அருகிலிருந்த கிளாஸ்கோ கப்பல் பிடித்துவிட்டது. உடனே எச்சரிக்கை கொடுத்து, தன்னைக் காத்துக்கொள்ள அலுமினியம் பூசிய இழைத் துணுக்குகளை வானில் வெடித்துப் பரப்பியது. ‘சாஃப்’ எனப்படும் இந்த மேகம், ஏவுகணையின் ரேடாருக்கு ஒரு கப்பலைப் போலவே தெரியும். ஷெஃபீல்டோ அந்த நேரம் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த அலைபரப்பு, எதிரி ரேடாரை ஒட்டுக்கேட்கும் கருவியைச் செவிடாக்கிவிடும். வான் தாக்குதலைக் கவனிக்க வேண்டிய அதிகாரி கட்டுப்பாட்டு அறையில் இல்லை. அந்த விமானங்களால் இவ்வளவு தூரம் வர முடியாது என்ற நினைப்பும் கப்பலில் இருந்தது. முந்தைய நாட்களில் பொய்யான எச்சரிக்கைகள் பல வந்து எல்லோருக்கும் அலுத்திருந்தது. மேல்தளத்தில் நின்றவர்கள் புகையைக் கண்ணால் பார்த்தபோது மிச்சமிருந்தது சில விநாடிகள். சாஃப் வெடிக்கவில்லை, ஒரு துப்பாக்கிகூடச் சுடவில்லை.

ஏவுகணை வலப்பக்கம், நடுவயிற்றில் புகுந்தது. அது வெடித்ததா என்பதிலேயே நெடுநாள் கருத்து வேறுபாடு இருந்தது. வெடிக்கவில்லை என்றது அன்றைய விசாரணை. வெடித்தது என்று 2015-இல் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் திருத்திக்கொண்டது. தீயணைப்பு நீர்க்குழாய் முதல் அடியிலேயே அறுந்துபோனதால் நெருப்பை அடக்க முடியவில்லை. 20 பேர் இறந்தார்கள். இழுத்துச் செல்லும் வழியில், மே 10 அன்று கப்பல் மூழ்கியது.

அன்று எதுவெது இல்லை என்று பார்த்தால், இன்றைய கடற்படைகள் ஏன் அடுக்கடுக்காகப் பாதுகாப்பு வைத்துக்கொள்கின்றன என்பது புரியும். முதலாவதாக, உயரத்தில் ஒரு கண் இல்லை. ரேடாரை விமானத்தில் ஏற்றினால் தொடுவானம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப்போகும். ஏவுகணை புறப்படும் முன்பே அதைச் சுமந்து வரும் விமானத்தை மடக்கிவிடலாம். பிரிட்டனிடம் இருந்த அத்தகைய கானட் விமானங்கள், 1978-இல் பெரிய விமானந்தாங்கிக் கப்பல் ஓய்வுபெற்றபோது கூடவே போய்விட்டன. அந்த இடத்தை நிரப்பத்தான் ஷெஃபீல்டைப் போன்ற கப்பல்களை முன்வரிசையில் காவலுக்கு நிறுத்தினார்கள். அவசர அவசரமாக ஹெலிகாப்டரில் ரேடாரைப் பொருத்தி முடித்தபோது சண்டை ஓய்ந்திருந்தது.

அடுத்த அடுக்கு, கப்பலிலிருந்து எழும் எதிர்ப்பு ஏவுகணை. ஷெஃபீல்டில் இருந்த சீ டார்ட், உயரே வரும் குண்டுவீச்சு விமானங்களை மனதில் வைத்துச் செய்தது. அலைகளோடு ஒட்டி வருவதை அதன் ரேடார் பிரித்துப் பார்க்கத் திணறியது. கிட்டத்தில் வரும் ஏவுகணையைச் சுட வல்ல சீ உல்ஃப் அன்று 2 கப்பல்களில்தான் இருந்தது. அவையும் விமானந்தாங்கிகளை விட்டு நகர முடியாது.

ஏமாற்று மேகத்துக்கும் ஒரு குறை உண்டு. அது ஏவுகணையை அழிப்பதில்லை, திசைதான் திருப்புகிறது. மே 25 அன்று வந்த எக்ஸோசெட்டுகளைப் போர்க்கப்பல்கள் சாஃப் வெடித்துத் திருப்பிவிட்டன. மேகத்தைத் தாண்டி வந்த ஏவுகணை மறுபடியும் தேடியது. கண்ணில் பட்டது அட்லாண்டிக் கன்வேயர் என்ற சரக்குக் கப்பல். அதில் சாஃபும் இல்லை, ஆயுதமும் இல்லை. 12 பேர் மாண்டார்கள். அதோடு 3 சினூக் ஹெலிகாப்டர்கள் எரிந்துபோனதால், பிரிட்டிஷ் வீரர்கள் சேற்றிலும் குளிரிலும் தீவின் குறுக்கே மூட்டையைச் சுமந்து நடக்க நேர்ந்தது.

கடைசி அடுக்கு, தானே குறிபார்த்துச் சுடும் விரைவுத் துப்பாக்கி. அமெரிக்காவின் ஃபேலங்ஸ் நிமிடத்துக்கு 4,500 குண்டு வரை கக்கும். ஆனால் அது பயன்படும் தூரம் ஒன்றரை கிலோமீட்டர் அளவுதான், அதாவது எக்ஸோசெட்டுக்கு 5 விநாடிப் பயணம். ஒலியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு வேகத்தில் வரும் பிரம்மோஸ் போன்றவற்றுக்கு 2 விநாடிகூட இல்லை. அத்தனை அருகில் சிதறடித்தாலும், துண்டுகள் அதே வேகத்தில் வந்து கப்பலைக் கிழிக்கலாம். இருந்தும் போடாத துப்பாக்கி எதற்கு ஆகும்? 1987-இல் பாரசீக வளைகுடாவில் ஸ்டார்க் என்ற அமெரிக்கக் கப்பலை ஈராக் விமானத்தின் 2 எக்ஸோசெட்டுகள் தாக்கியபோது, ஃபேலங்ஸ் தானாகச் சுடும் நிலையில் வைக்கப்பட்டிருக்கவில்லை. 37 மாலுமிகள் உயிரிழந்தார்கள்.

தானாகச் சுடவிட்டால் வேறு வம்பு வரும். 1991 பிப்ரவரியில், குவைத் கரையோரம் நின்ற மிசூரி போர்க்கப்பலை நோக்கி ஈராக் சில்க்வார்ம் ஏவுகணைத் தாக்குதல் நடத்தியது. மிசூரி சாஃப் வெடித்தது. துணைக்கு நின்ற ஜாரெட் கப்பலின் ஃபேலங்ஸ் அந்த மேகத்தையே எதிரி என்று நினைத்துச் சுட, சில குண்டுகள் மிசூரியின் மேலேயே பட்டன. வந்த ஏவுகணையை வீழ்த்தியது பிரிட்டனின் குளோஸ்டர். அதில் பயன்பட்டது 1982-இல் திணறிய அதே சீ டார்ட். ஆனால் இம்முறை எதிரே வந்தது எக்ஸோசெட்டைவிட உருவில் பெரிய, பழைய பாணி ஏவுகணை.

2024 ஜனவரி இறுதியில் செங்கடலில் ஹூதிகள் ஏவிய ஒன்று வெளி அடுக்குகளைக் கடந்து, கிரேவ்லி என்ற அமெரிக்க நாசகாரியை ஒரு மைல் அளவுக்கு நெருங்கிவிட்டது. ஃபேலங்ஸ்தான் அதை வீழ்த்தியது. அந்த வகைக் கப்பலில் ஏவுகணை வைக்கும் செங்குத்துக் குழல்கள் 90-இலிருந்து 96 வரை. அவற்றிலேயே தரைத் தாக்குதலுக்கான ஏவுகணைகளும் இடம்பிடிக்கும். மிச்சமிருக்கும் தடுப்பு ஏவுகணைகள் தீர்ந்தால், நடுக்கடலில் வழக்கமாக மறுபடி நிரப்ப வழியில்லை. கப்பல் சண்டையை விட்டுத் துறைமுகத்துக்குப் போய்த்தான் ஏற்றிக்கொண்டு வர வேண்டும்.