மொழிபெயர்ப்புக்கு முன்

திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளில் தமிழரோடு பீகார், ஒடிசா, மேற்கு வங்காளம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவரும் பணிபுரிகின்றனர். அவர்தம் குடியிருப்புகளில் ஒட்டுவதற்கு நலவாழ்வு அறிவிப்பு ஒன்று தமிழில் எழுதப்படுவதாகக் கொள்க. அதனை இந்தி, ஒடியா, வங்காளம் ஆகிய மூன்று மொழிகளிலும் பெயர்க்க வேண்டும். பெயர்ப்பவர் மனிதராகவும் இருக்கலாம், கணிப்பொறியாகவும் இருக்கலாம். அறிவிப்பு இவ்வாறு அமைந்துள்ளது:

"பிள்ளைக்கு வயிற்றுப்போக்குக் கண்டால் பதறாமல், கொதித்து ஆறிய ஒரு செம்பு நீரில் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுத்து, தாய்ப்பாலையும் கைவிடாமல், மிஞ்சியதை மறுநாள் ஊற்றிவிட்டு, கண் செருகினால் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்."

தமிழ்த் தாய் ஒருத்தி இதனைப் படித்தால் பெரும்பாலும் பொருள் விளங்கிக்கொள்வாள். ஏனெனில், எழுத்தில் இல்லாதவற்றைத் தன் பழக்கத்தால் நிரப்பிக்கொள்வாள். மொழிபெயர்ப்பவருக்கோ எழுத்து ஒன்றே துணை. கணிப்பொறி, முன்பு கண்ட எண்ணற்ற வாக்கியங்களைக் கொண்டு, எப்பொருள் பொருந்தக்கூடும் என்று கணிக்கிறது. கணிப்புத் தவறினாலும் அது தயங்காது. பிழையான பெயர்ப்பையும் செம்மையான நடையிலேயே தந்துவிடும். ஆதலின், பெயர்ப்புக்கு விடுமுன் மூலத்தையே திருத்துவது வழக்கம். இதற்கு முன்திருத்தம் என்று பெயர்.

மேற்கண்ட வாக்கியத்தில் முதற்குறை அதன் நீளம். 'கரைத்து', 'கொடுத்து', 'ஊற்றிவிட்டு' என்னும் வினையெச்சங்கள் அனைத்தும் இறுதியில் நிற்கும் 'ஓட வேண்டும்' என்ற ஒரே முற்றைச் சார்ந்துள்ளன. வினையெச்சம் ஒரு செயல் முடிந்தபின் மற்றொன்று நிகழ்வதைக் காட்டுவது. அவ்வாறாயின், மறுநாள் ஊற்றிவிட்ட பின்னரே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று பொருள்படும். எழுதியவர் கருதியது அதுவன்று. செயல்களைத் தனித்தனி வாக்கியங்களாகப் பிரித்துவிட்டால் இம்மயக்கம் நீங்கும்.

இரண்டாவது குறை, இருபொருள் தரும் சொல். 'ஊற்றிவிட்டு' என்பதற்குக் கீழே கொட்டிவிட்டு என்பதும் பொருள். குழந்தையின் வாயில் ஊற்றிவிட்டு என்பதும் பொருள். கரைத்து 24 மணி நேரம் கடந்த கரைசலில் கிருமிகள் பெருகியிருக்கக்கூடும். அதனைக் கொட்ட வேண்டுமேயன்றிக் கொடுத்தல் ஆகாது. பெயர்ப்பவர் பிழையான பொருளைத் தேர்ந்தால், தடுக்க வேண்டிய செயலையே அறிவிப்பு கட்டளையிடுவதாகிவிடும். 'ஒரு செம்பு' என்பதும் இத்தகையதே. வீட்டுக்கு வீடு செம்பின் அளவு வேறு. நீர் குறைந்தால் கரைசலில் உப்பு மிகும்; அது குழந்தையின் இரத்தத்திலும் உப்பை மிகுவித்துத் தீங்கு செய்யும். பொட்டலம் 1 லிட்டர் நீருக்கு உரியதாயின், 1 லிட்டர் என்றே எழுத வேண்டும்.

மூன்றாவது குறை, மரபுத்தொடர். 'தாய்ப்பாலையும் கைவிடாமல்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், கையை எடுக்கக்கூடாது என்பது போன்ற பொருந்தாப் பொருள் வந்துசேரும். 'நிறுத்தாமல்' என்று மாற்றினால் போதும். 'கண் செருகினால்' என்பதோ அத்துணை எளிதில் மாற்றத்தக்கதன்று. ஒன்றனுள் ஒன்றை நுழைப்பதும் செருகுதலே. ஆதலின், கண்ணில் எதையோ நுழைப்பதாகப் பெயர்ப்பு அமைந்துவிடலாம். இதனைத் திருத்துவோர், எழுதியவரிடமே ஒரு வினாவை எழுப்ப வேண்டும். குழந்தையின் கண்கள் குழிவிழுந்திருப்பதைக் கருதினாரா? எழுப்பியும் விழிக்காத மயக்கத்தைக் கருதினாரா? இரண்டும் உடலில் நீர் வற்றியதைக் காட்டும் அறிகுறிகள்; ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. அவர் இரண்டையுமே கருதினார் எனின், இரண்டையும் வெளிப்படையாக எழுத வேண்டும். எழுதியவர் தெளிவாக முடிவு செய்யாமல் விட்ட இடங்களை முன்திருத்தம் இவ்வாறு வெளிக்கொணர்கிறது.

திருத்திய அறிவிப்பு பின்வருமாறு அமையும்:

"குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுக்கவும். நீரைக் கொதிக்கவைத்து ஆறவைக்கவும். ஆறிய நீரில் 1 லிட்டர் அளந்து எடுக்கவும். ஒரு பொட்டலத்தில் உள்ள தூள் முழுவதையும் அந்த நீரில் கரைக்கவும். கரைசலைக் குழந்தைக்குச் சிறிது சிறிதாகக் கொடுக்கவும். குழந்தை தாய்ப்பால் குடிப்பதாயின், தாய்ப்பாலை நிறுத்த வேண்டா. கரைத்து 24 மணி நேரம் ஆனபின், மீந்த கரைசலைக் கீழே கொட்டவும். குழந்தையின் கண்கள் குழிவிழுந்தால், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவும். எழுப்பியும் குழந்தை விழிக்காவிட்டாலும், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவும்."

ஒரு வாக்கியம் ஒன்பதாயிற்று. 'கரைசல்', 'குழந்தை' என்னும் சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலில் 'பிள்ளை' என்றும் பின்னர் 'குழந்தை' என்றும் எழுதினால், இருவரைக் குறிப்பதாகப் பெயர்ப்பவர் மயங்கக்கூடும். கட்டுரையில் குற்றமாகத் தோன்றும் கூறியது கூறல், இங்குப் பிழையைத் தடுக்கும் காப்பாகிறது.

இம்முறை விதிகளாக வகுக்கப்பட்டதும் உண்டு. வானூர்தியைப் பழுதுபார்க்கும் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. அவற்றைப் படிப்போர் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழியன்று. ஆகவே, ஐரோப்பிய வானூர்தித் தொழில் துறையினர் எளிய தொழில்நுட்ப ஆங்கிலத்திற்கு விதிகளை வகுத்து, 1986-இல் வெளியிட்டனர். பணியாளர் நேராகப் படித்துணர்வதே அதன் முதல் நோக்கம். பின்னர் மொழிபெயர்ப்போருக்கும் அது பயன்பட்டது. செயல்முறையைக் கூறும் வாக்கியம் 20 சொற்களுக்கு மேற்படலாகாது என்பது அதில் ஒரு விதி. ஒரு சொல்லுக்கு ஒரு பொருளே என்பது மற்றொன்று. ஆங்கிலத்தில் 'ஃபாலோ' என்னும் சொல் பின்வருதலையும் குறிக்கும். கட்டளைக்கு இணங்குதலையும் குறிக்கும். அவ்விதிப்படி அச்சொல்லைப் பின்வருதல் என்ற பொருளில் மட்டுமே எழுதலாம்.

இருபது சொல் என்னும் அளவு தமிழுக்கு அப்படியே பொருந்தாது. ஆங்கிலத்தில் நான்கைந்து சொற்களாக நிற்பது, தமிழில் 'கொண்டுசெல்லவேண்டியிருந்தால்' என ஒரே சொல்லாக அமையலாம். எனவே தமிழில் சொற்களைவிட வினைகளை எண்ணுவதே ஏற்றது. ஒரு வாக்கியத்தில் இரண்டு வினையெச்சங்களுக்கு மேல் வந்தால், அதனைப் பிரிக்க இயலுமா என்று நோக்க வேண்டும். பிரிக்கும்போது 'ஆனால்', 'ஆகையால்' போன்ற இணைப்புச் சொற்களை உதிர்த்துவிடலாகாது. அவை நீங்கின், வாக்கியங்கள் எளியவாய் இருந்தும், காரணமும் விலக்கும் மறைந்துபோகும்.

பெயர்ப்பு செம்மையாக வந்ததா என்பதை அறியவும் ஒரு வழி உண்டு. மூலத்தைக் காணாத ஒருவர், பெயர்ப்பைப் படித்து மீண்டும் தமிழில் எழுதுவார். 'கொட்டவும்' என்ற இடத்தில் 'கொடுக்கவும்' என வந்தால், பிழை வெளிப்படும். அப்பிழை மூன்று மொழிகளிலும் காணப்படின், குறை பெரும்பாலும் மூலத்திலேயே உள்ளது எனலாம். மூலத்தில் ஒரு சொல்லை மாற்றினால், மூன்று பெயர்ப்புகளிலும் அவ்விடம் தெளிவுறும்.

கவிதைக்கும் கதைக்கும் இம்முறை ஏலாது. 'கண் செருகினாள்' என்று கதையில் வரும்போது, அத்தொடரின் நயத்தைப் பிறமொழியில் கொணர்வது மொழிபெயர்ப்பாளரின் கடமை. சுவரில் ஒட்டிய அறிவிப்பைப் படிக்கும் ஒடியாத் தாய்க்கு வேண்டுவது நயமன்று. எவ்வளவு நீர், எப்போது கொட்டுவது, எப்போது மருத்துவமனைக்குச் செல்வது என்னும் மூன்றுமே.